ஒரு சூரைக் குவியல், மூன்று வழிகள்: ஐஸ், கருவாடு, டப்பா

தூத்துக்குடியில் பருவலை வள்ளம் ஒன்று காலை ஆறு மணிக்குக் கரை சேர்ந்து, நூறு கிலோ சூரையை ஏலக்கூடத்தில் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே குவியல்தான். ஆனால் இதில் ஒரு பங்கு ஐஸ் பெட்டியில் ஏறிச் சந்தைக்குப் போகும், ஒரு பங்கு உப்புத் தொட்டிக்குள் இறங்கிக் கருவாடாகும், இன்னொரு பங்கு தொழிற்சாலைக்குப் போய் டப்பாவில் அடைபடும். மீன்வளப் படிப்பில் இந்த மூன்றையும் மூன்று தனித்தனி பாடமாகப் படிப்பீர்கள். இங்கே ஒரே குவியலைப் பிடித்துக்கொண்டு மூன்றுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால்தான் பாடப்புத்தகத்தில் கடைசியில் வரும் 'இறங்குதளத் தரச் சோதனை' உண்மையில் முதல் பாடம் என்பது புரியும்.

மீனைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மீனின் உடம்பிலேயே இருக்கும் நொதிகள். மற்றொன்று, தோலிலும் செவுளிலும் குடலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். ஐஸ் இந்த இரண்டையும் மெதுவாக்குகிறது. உப்பும் வெயிலும் பாக்டீரியாவுக்கு வேண்டிய தண்ணீரைப் பிடுங்கிக்கொள்கின்றன. டப்பாவில் சூடு அவற்றைக் கொன்றேவிடுகிறது. மூன்றும் வெவ்வேறு வேலை. ஆனால் ஏற்கெனவே நடந்துபோன கேட்டை மூன்றாலும் திருப்ப முடியாது. சூரையில் இது ரொம்ப வெளிப்படையாகத் தெரியும். அதனால்தான் சூரையை எடுத்துக்கொண்டேன்.

சூரைக்கு என்ன தனிச் சிக்கல்?

சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்தபின் சில பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவி, தங்கள் நொதியால் இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஹிஸ்டமின் அதிகமுள்ள மீனைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். 'எனக்கு இந்த மீன் ஒத்துக்காது' என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது ஒவ்வாமையாக இருக்காது. சரியாக ஐஸ் வைக்காத மீனாக இருக்கும்.

இதில் மோசமான சங்கதி இரண்டு. முதலாவது, ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் சமையலில் போகாது, உறைய வைத்தாலும் போகாது, டப்பாவை 121 டிகிரியில் வேகவைத்தாலும் போகாது. இரண்டாவது, பாக்டீரியா பெருகி நொதி ஒருமுறை சுரந்துவிட்டால், அப்புறம் மீனைக் குளிர வைத்துப் பாக்டீரியாவின் பெருக்கத்தை நிறுத்தினாலும் அந்த நொதி மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். ஆக, முதல் சில மணி நேரத்தை விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் கணக்கு நேராகாது.

அந்த 'முதல் சில மணி நேரம்' எப்போது தொடங்குகிறது? வள்ளம் கரை தொடும்போது இல்லை. மீன் வள்ளத்தில் ஏறும்போதும் இல்லை. மீன் வலையில் செத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நம் குவியலையே பாருங்கள். மாலை ஆறு மணிக்கு வலை விட்டார்கள். ஒரு சூரை இரவு ஒன்பது மணிக்கு வலையில் செருகிச் செத்தது. இன்னொன்று விடியற்காலை மூன்று மணிக்கு. நான்கு மணிக்குள் வலையை இழுத்து முடித்து, ஆறு மணிக்குக் கரைக்கு வந்துவிட்டார்கள். வழியில் ஐஸ் போடவில்லை என்றால், முதல் மீன் செத்து ஒன்பது மணி நேரம், இரண்டாவது செத்து மூன்று மணி நேரம். ஒரே குவியலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் இப்படிப்பட்ட மீன்களுக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. காற்றோ தண்ணீரோ 28.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போய்விட வேண்டும். அதைவிடக் குளிர்ந்த இடமாக இருந்தால் 9 மணி நேரம். மன்னார் வளைகுடாவில் ஆண்டின் பெரும்பகுதி நமக்கு ஆறு மணிக் கணக்குதான். போதாததற்குச் சூரை இனமே தன் உடம்பைச் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடக் கொஞ்சம் சூடாக வைத்திருக்கும் மீன். வலையில் துள்ளித் துள்ளி இன்னும் சூடேறும். ஒன்பது மணி மீன் கெடுவைத் தாண்டிவிட்டது. மூன்று மணி மீனைக் காப்பாற்றலாம்.

இறங்குதளத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் கண். புதிய மீனின் கண் வெளியே புடைத்து, கருவிழி பளபளவென்று கறுத்திருக்கும். நேரம் போகப் போகத் தட்டையாகும், பால் படர்ந்ததுபோல் மங்கும், கடைசியில் குழிவிழும். அடுத்து செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல இரத்தச் சிவப்பு பழுப்பாகி, அப்புறம் வெளுத்துச் சாம்பலாகும். செவுளில் ஒட்டியிருக்கும் கொழகொழப்பு தெளிவாக இருக்க வேண்டும்; மஞ்சளாகித் திரிதிரியாக இருந்தால் நாளான மீன். மூக்கை அங்கேயே வையுங்கள். கடற்பாசி வாசனை நல்லது, வாசனையே இல்லாதது பரவாயில்லை, புளித்த வாடை கூடாது. பிறகு முதுகுச் சதையில் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். குழி உடனே நிரம்ப வேண்டும். சாளை, நெத்திலி போன்ற சிறிய மீன்களில் வயிற்றையும் கவனிக்க வேண்டும். இரை தின்றுகொண்டிருக்கும்போது மாட்டிய மீனில் செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரையே அரித்துச் சீக்கிரம் வெடிக்கவைக்கும்.

இந்த ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறைமதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை உண்டு. கூட்டுத்தொகை ஏற ஏற மீன் பழையது. மாணவர்கள் இந்த முறையில் பழகுவது நல்லது. 'பார்த்தாலே தெரியும் சார்' என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

ஆனால் கண்ணையும் செவுளையும் மட்டும் நம்பி ஹிஸ்டமினைப் பிடிக்க முடியாது. பார்க்கவும் முகரவும் சுமாராக இருக்கும் மீனிலும் அது வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். அதனால் மேற்பார்வைக்கு அடுத்தபடி, ஊசி வெப்பமானி. அதைச் சூரையின் மிகப் பருமனான இடத்தில், முதுகெலும்பைத் தொடும் அளவுக்குச் செருக வேண்டும். மேல்தோலில் வைத்துப் படிக்கும் எண் பக்கத்திலிருக்கும் ஐஸின் வெப்பநிலை, மீனுடையது ஆகாது. மையத்தில் 29 டிகிரி காட்டினால் ஐஸே பார்க்காத மீன். 15 டிகிரி காட்டினால் ஐஸ் போட்டிருக்கிறார்கள், இன்னும் மையம் வரை குளிர் போய்ச் சேரவில்லை. 4 டிகிரிக்குக் கீழே என்றால் நல்லதுதான், ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்துவிட்டு அப்புறம் ஐஸில் போட்ட மீனும் கடைசியில் 4 டிகிரிதான் காட்டும். வெப்பமானிக்கு இப்போதைய நிலை மட்டுமே தெரியும், நடந்த கதை தெரியாது. எப்போது வலை விட்டீர்கள், எப்போது இழுத்தீர்கள், எப்போது ஐஸ் போட்டீர்கள் என்று வள்ளத்துக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் சோதனையின் ஒரு பகுதி.

ஏற்றுமதிக்குப் போகும் சரக்கென்றால் ஆய்வகத்தில் ஹிஸ்டமினை அளப்பார்கள். ஒரே மீனை எடுத்துப் பார்த்தால் போதாது. நாம் பார்த்தபடி ஒன்பது மணி மீனும் மூன்று மணி மீனும் ஒரே குவியலில் கிடக்கின்றன. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்பது மாதிரிகள் கேட்கிறது. ஒன்பதின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 100-க்கும் 200-க்கும் நடுவில் அதிகபட்சம் இரண்டு மாதிரிகள் இருக்கலாம். 200-ஐத் தாண்டி ஒன்றுகூட இருக்கக்கூடாது. நம் குவியலின் ஒன்பது மாதிரிகள் 20, 35, 15, 40, 130, 28, 22, 18, 110 என்று வந்தால் மொத்தம் 418, சராசரி ஏறக்குறைய 46. நூறைத் தாண்டியவை இரண்டே. தேறிவிட்டது. அந்த 130 மட்டும் 210 ஆக இருந்திருந்தால், சராசரி நூறுக்குள்ளேயே இருந்தாலும் மொத்தச் சரக்கும் போச்சு.

ஐஸ்: எவ்வளவு, ஏன்?

ஐஸின் பலம் அதன் குளிரில் இல்லை, அது உருகுவதில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர வைக்க ஏறக்குறைய 0.8 கிலோ கலோரியை எடுக்க வேண்டும். இரண்டையும் வகுத்தால் நூறில் ஒன்று என்று அழகாக வரும். ஆகவே மீனின் எடையை அதன் வெப்பநிலையால் பெருக்கி நூறால் வகுத்தால், அதை 0 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான ஐஸ் கிடைக்கும்.

```
ஐஸ் (கிலோ) = மீன் (கிலோ) × வெப்பநிலை (டிகிரி) ÷ 100
           = 100 × 30 ÷ 100 = 30 கிலோ
```

அப்படியென்றால் எல்லோரும் ஒன்றுக்கு ஒன்று ஐஸ் போடச் சொல்வது ஏன்? இந்த 30 கிலோ மீனைக் குளிர வைக்க மட்டும்தான். பெட்டியின் சுவர், மூடியைத் திறக்கும்போது உள்ளே நுழையும் காற்று, லாரியின் மேல் அடிக்கும் வெயில் எல்லாம் தம் பங்குக்கு உருக்கும். ஐஸ் கடையிலிருந்து கொண்டுவருவதற்குள்ளேயே கொஞ்சம் தண்ணீராகிவிடும். நம் ஊர் வெயிலில், நல்ல தெர்மாகோல் பெட்டி இருந்தாலும், மீதி 70 கிலோ இதற்குத்தான் சரியாக இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது மீனைச் சுற்றி ஐஸ் இன்னும் மிச்சமிருந்தால் கணக்குச் சரி. ஐஸே இல்லாமல் மீன் தண்ணீரில் மிதந்தால் எங்கேயோ தவறியிருக்கிறோம்.

அளவைப் போலவே வைக்கும் விதமும் முக்கியம். ஐஸ் பாரை ஒழுங்காக நொறுக்காமல் பெரிய கட்டிகளாகப் போட்டால் மீனுக்கும் ஐஸுக்கும் நடுவில் காற்று நிற்கும். கட்டியின் முனை தோலையும் கிழிக்கும். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், பக்கவாட்டிலும் ஐஸ், உச்சியில் தடிமனாக ஐஸ். உருகும் தண்ணீர் மீன் மேல் வழிந்து, கொழகொழப்பையும் பாக்டீரியாவையும் கழுவிக்கொண்டு கீழே இருக்கும் துளைவழியாக வெளியேற வேண்டும். துளையை அடைத்துவைத்தால் அந்தக் கழிவிலேயே மீன் ஊறும். சிலர் 'தண்ணீர் சில்லென்றுதானே இருக்கிறது' என்று துளைக்குத் துணி திணிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சூரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குளிர் மையம் வரை போய்ச் சேரும் நேரம் மீனின் தடிமன் கூடும் அதே அளவில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடும். அதாவது தடிமன் இரண்டு பங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு பங்கு. நெத்திலி நிமிடங்களில் குளிரும். பருத்த சூரைக்கு மணிக்கணக்காகும். அதனால்தான் பெரிய சூரையைப் பிடித்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, வயிற்றுக் குழிக்குள்ளும் ஐஸ் திணிப்பார்கள். அங்கேதான் பாக்டீரியாவும் அதிகம்.

கருவாடு: குறைவது தண்ணீர் மட்டும்தான்

சரி, இப்போது உப்புத் தொட்டிக்குப் போகும் பங்கு. சூரையைக் கீறி, குடலை நீக்கி, நன்றாகக் கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். உப்பு உள்ளே போகப் போகத் தண்ணீர் வெளியே வரும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்து, ஒட்டிய உப்பை லேசாக அலசி, வெயிலில் காயப்போடுவார்கள். மணலில் போட்டால் மணலும் ஈரமும் ஒட்டும். தரையிலிருந்து உயர்ந்த வலைத் தட்டில் போட்டால் காற்று கீழிருந்தும் போகும், ஈயும் நாயும் குறையும்.

உலர்த்துவதில் அவசரம் ஆகாது. முதல் நாளே கொளுத்தும் வெயிலில் போட்டால் மேல்பக்கம் ஓடுபோல் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தமாதிரி இருக்கும். ஒருவாரம் கழித்து முள்ளோரம் அழுகல் வாடை அடிக்கும். முதுகெலும்பு ஓரமாக வெட்டிப் பார்த்து, விரலால் அழுத்தி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

இனி கணக்கு. சூரையில் 70 சதவீதம் தண்ணீர் என்று கொண்டால், 100 கிலோவில் 30 கிலோ திடப்பொருள். ஈரம் 35 சதவீதம் ஆகும்வரை உலர்த்தினால், அந்த 30 கிலோ மொத்தத்தில் 65 சதவீதம். 30-ஐ 0.65-ஆல் வகுத்தால் 46 கிலோ. (உப்பின் எடையை இங்கே சேர்க்கவில்லை.) 54 கிலோ தண்ணீர் போய்விட்டது. ஆனால் ஹிஸ்டமின் ஆவியாகாது. பச்சை மீனில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இருந்தால், அது அப்படியே 46 கிலோவுக்குள் நெருங்கி, கிலோவுக்கு 130 ஆகிவிடும். உப்புநீரோடு கொஞ்சம் கரைந்து போகும் என்பது உண்மைதான். அதை நம்பி மீன் வாங்க முடியாது. பச்சையாகத் தேறிய மீன் கருவாடாகித் தோற்கும் கதை இதுதான். 'ஏலத்தில் போகாததைக் கருவாட்டுக்குத் தள்ளு' என்ற பழக்கத்தில் சூரைக்கு இருக்கும் ஆபத்தும் இதுவே.

கருவாடு கட்டிவைத்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. உப்பு நிறைந்த பண்டம் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாட்டு மூட்டை கசிவது இதனால்தான். அந்த ஈரத்தில் உப்பளத்து உப்பிலேயே வாழப் பழகிய பாக்டீரியாக்கள் பெருகிக் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படரும். தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. துடைத்தால் நிறம்தான் போகும்.

மாசிக் கருவாடு இதிலிருந்து மாறுபட்டது. அதில் சூரையை முதலில் உப்புநீரில் வேகவைத்து, முள் நீக்கி, புகையும் வெயிலும் மாற்றி மாற்றிக் காட்டி, கட்டைபோல் ஆகும்வரை உலர்த்துவார்கள். வேகவைத்ததும் பாக்டீரியாவும் நொதியும் அழிந்துவிடுவதால் அதற்குப் பிறகு புதிய ஹிஸ்டமின் சேர்வது நின்றுபோகும். வேகவைக்கும் முன்பு சேர்ந்தது மட்டும் இருக்கும்.

டப்பா: கொல்லும் சூடு

தொழிற்சாலையில் சூரையை முன்வேகவைத்து, தோலும் முள்ளும் கருஞ்சதையும் நீக்கி, வெண்சதையை டப்பாவில் அடைத்து, எண்ணெயோ உப்புநீரோ ஊற்றி, சூட்டில் காற்றை வெளியேற்றி, மூடியை இரட்டை மடிப்பாக இறுக்குவார்கள். பிறகு ரிட்டார்ட் என்னும் அழுத்தக் கலத்தில் வேகவைப்பார்கள். வீட்டுக் குக்கரின் பெரிய அண்ணன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எதிரி, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா. காற்றில்லாத டப்பாதான் அதற்குச் சொந்த வீடு. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. 121.1 டிகிரியில் வைத்தால் 0.21 நிமிடத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறையும். பன்னிரண்டு முறை அப்படிக் குறைய வேண்டும் என்பது தொழிலின் வரையறை. 12-ஐ 0.21-ஆல் பெருக்கினால் 2.52 நிமிடம்; குறைந்தபட்சம் 3 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் மீனுக்கு இதைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

இந்த மூன்று நிமிடம் கலத்தின் வெப்பமானியில் பார்ப்பது கிடையாது. டப்பாவுக்குள் கடைசியாகச் சூடாகும் புள்ளியில் கணக்கிடுவது. அந்தப் புள்ளி 10 டிகிரி குறைந்து 111 டிகிரியில் நின்றுவிட்டால், ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். டப்பாவில் சதையை அளவுக்கு மீறித் திணித்தால் சூடு உள்ளே போவது தாமதமாகி, அதே நேர அட்டவணை போதாமல் போவது இதனால்தான்.

வெந்த டப்பாவைக் குளிர வைக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மடிப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் குளிர்நீரைச் சொட்டு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அந்த நீரில் குளோரின் கலந்திருக்க வேண்டும். சில நாள் சூடான அறையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு டப்பா வீங்கினால், வேகவைத்தது போதவில்லையா, மடிப்பு கசிந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரே வகைப் பாக்டீரியா, சூட்டைத் தாங்கும் வித்துக்கள் என்றால் பெரும்பாலும் வேக்காட்டுக் குறை. பல வகைக் கலவை என்றால் கசிவு.

டப்பா மீனில் கண்ணாடித் துண்டு கிடந்தது என்ற புகாரும் வரும். பல நேரங்களில் அது ஸ்ட்ரூவைட் என்ற படிகம். மீனிலுள்ள மெக்னீசியம், அம்மோனியா, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து உருவாவது, தீங்கில்லாதது. கொஞ்சம் சூடான வினிகரில் போட்டு வையுங்கள். கரைந்தால் படிகம், அப்படியே கிடந்தால் கண்ணாடி.

சூரை டப்பாவில் இன்னொரு குறை உண்டு. வெந்த சதையைப் பிளந்தால் தேன்கூடுபோலத் துளை துளையாக இருக்கும். ரிட்டார்டு ஆள்மேல் பழி போடாதீர்கள். கெடத் தொடங்கிய சூரையை வேகவைத்தால் சதை இப்படி ஆகும். முன்வேகவைத்துச் சுத்தம் செய்யும் மேசையிலேயே இதைக் கண்டு ஒதுக்குவது வழக்கம். அங்கே துளைச் சதை வரத் தொடங்கினால், சரக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்: எந்த நாள், எந்த வள்ளம், வலை இழுத்த நேரம், ஐஸ் போட்ட நேரம். வள்ளத்துக்காரரிடம் கேட்டு எழுதச் சொன்ன அந்தத் துண்டுச்சீட்டு இப்போதுதான் தேவைப்படும்.